வாக்டா, வாக்குடுவா? ஈடி, எஸ் ஈறுகளை உச்சரிக்கும் முறை

"ஆங்கில இறந்தகால வினையில் வரும் ஈடியை மூன்று விதமாகச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். பன்மையில் வரும் எஸ்ஸுக்கும் அதேபோல மூன்று விதமாம். விதியைப் படிக்கும்போது புரிகிறது. ஆனால் பேச வாயைத் திறந்தால் ‘வாக்குடு’, ‘ஆஸ்க்குடு’ என்றுதான் வருகிறது. பட்டியலை மனப்பாடம் செய்யாமல் இதை எப்படிச் சரிசெய்வது?"

மனப்பாடம் தேவையே இல்லை. ஈடிக்கு மூன்று, எஸ்ஸுக்கு மூன்று என்று ஆறு விதிகளாகப் பாடப்புத்தகங்கள் பிரித்துக் காட்டினாலும், உள்ளே இருப்பவை இரண்டே கேள்விகள். அவற்றை வரிசை மாறாமல் கேட்டால் ஆறு விடைகளும் தாமாக வந்துவிடும்.

முதல் கேள்வி: சொல்லின் கடைசி ஒலியும், நாம் ஒட்டப்போகும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றேதானா? ஈடியில் ஒட்டுவது டகர ஒலி. சொல்லே /t/ அல்லது /d/ ஒலியில் முடிந்திருந்தால், அதன்மேல் இன்னொரு டகரத்தை ஒட்டினாலும் காதுக்குத் தெரியாது. அதனால் நடுவில் ஒரு சின்ன இகரம் நுழைகிறது. எஸ்ஸில் ஒட்டுவது சீறும் ஒலி. சொல்லே சீறலில் முடிந்திருந்தால் அங்கேயும் அதே இகரம் நுழையும். ஆங்கிலத்தில் இப்படிச் சீறும் ஒலிகள் ஆறு: பஸ் என்பதன் கடைசி ஒலி, சைஸ் என்பதன் கடைசி ஒலி, புஷ் என்பதன் கடைசி ஒலி, வாட்ச் என்பதன் கடைசி ஒலி, ஜட்ஜ் என்பதன் கடைசி ஒலி, பிறகு கராஜ் என்று சிலர் சொல்லும்போது வருகிற மெல்லிய ஷகரம்.

இரண்டாவது கேள்வியை, முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் மட்டும் கேட்க வேண்டும்: கடைசி ஒலியைச் சொல்லும்போது தொண்டை அதிர்கிறதா? அதிர்ந்தால் ஒட்டும் ஒலியும் அதிரும். அதிராவிட்டால் அதுவும் அதிராது. குரல்வளைமேல் இரண்டு விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. ‘ம்ம்ம்’ என்று நீட்டினால் விரலில் அதிர்வு தட்டும். சோதனை அவ்வளவுதான்.

```
          ஒரே இனம்           அதிராத ஒலி         அதிரும் ஒலி
-ed       /ɪd/  wanted       /t/  stopped       /d/  played
-s        /ɪz/  boxes        /s/  books         /z/  bags
```

வரிசையை மாற்றினால் என்ன கெடும்? வான்ட் என்ற சொல் /t/ ஒலியில் முடிகிறது. /t/ அதிராத ஒலி. தொண்டைக் கேள்வியை முதலில் கேட்டவர் ‘அப்படியானால் /t/ ஒட்டணும்’ என்று முடிவுகட்டி, வான்ட் என்பதன்மேல் இன்னொரு ட் வைப்பார். அது நிகழ்காலம் மாதிரியே ஒலிக்கும். நேற்று நடந்ததா, இன்று நடப்பதா என்று கேட்பவருக்குத் தெரியாது.

பார்க்க வேண்டியது கடைசி ஒலியை, கடைசி எழுத்தை அல்ல. ஆங்கில எழுத்துக்கூட்டு இந்த இடத்தில் நிறையப் பேரைக் கவிழ்க்கும். லாஃப் என்பதன் எழுத்துக்கூட்டு ஜிஎச் என்று முடிந்தாலும் வாயில் வருவது ஃப். அதனால் லாஃப்ட் என்பதில் /t/. டான்ஸ் என்பதன் கடைசி எழுத்து ஈ, ஒலியோ /s/. ஆகவே இறந்தகாலத்தில் /t/, ‘ஆடுகிறாள்’ என்னும்போது இகரம் சேர்ந்து டான்ஸிஸ், அதன் கடைசி ஸ் /z/ ஒலி. ஃபிக்ஸ் என்பது எக்ஸில் முடிகிறது; ஒலியில் அது க், ஸ் இரண்டும் சேர்ந்தது; ஆகவே /t/. இந்த வகையில் நன்றாக ஏமாற்றுவது யூஸ். ‘பயன்படுத்து’ என்ற வினையில் கடைசி ஒலி /z/, அதனால் பயன்படுத்தினான் என்பதற்கு /d/. ஆனால் ‘முன்பு அப்படிச் செய்வது வழக்கம்’ என்ற பொருளில் பின்னால் டு சேர்ந்து வரும்போது அதே சொல் /s/, /t/ என்று மாறிவிடுகிறது:

```
I used a pen.           /juːzd/
I used to walk.         /juːst/
```

இதுவரை சொன்னது விதி. உங்கள் சிக்கல் விதியில் இல்லை, ‘வாக்குடு’ என்பதில் வரும் அந்த உகரத்தில் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எடுக்க முடியும்.

தமிழில் வல்லின மெய் எதுவும் சொல்லின் இறுதியில் வராது. இது நன்னூல் சொல்கிற கணக்கு. நாக்கு, பாட்டு, பத்து, காப்பு என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு குற்றியலுகரம் தாங்கிக்கொள்ளும். கப் நமக்குக் ‘கப்பு’ ஆனதும், கேட் ‘கேட்டு’ ஆனதும் இதனால்தான். இதோடு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. க், ச், த், ப் என்ற நான்கு மெய்க்கும் பின்னால் அதே எழுத்துதான் வரலாம்: பக்கம், பச்சை, பத்து, அப்பம். க்-கு அடுத்து ட், ப்-க்கு அடுத்து ட் என்ற சேர்க்கை பழைய தமிழில் இல்லை. வாக்ட், ஸ்டாப்ட் என்ற சொற்கள் இந்த இரண்டு தடையையும் ஒரே மூச்சில் மீறுகின்றன. வாய் அதற்குப் பழகவில்லை. அதனால் நடுவில் ஓர் உகரம், கடைசியில் ஓர் உகரம் என்று இரண்டு முட்டுக்கொடுத்து ‘வாக்குடு’ ஆக்கிவிடுகிறது. ஓரசைச் சொல் மூவசையாகிவிடுகிறது.

ஆங்கிலம் கேட்பவருக்கு முதலில் உறுத்துவது இந்த அசைக்கணக்குத்தான். /t/ வர வேண்டிய இடத்தில் /d/ வந்தால் பெரும்பாலும் கவனிக்கவே மாட்டார்கள். ஓரசைச் சொல்லை ஈரசையாகச் சொன்னால் வேறு சொல்லோ என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். ஆகவே முதலில் திருத்த வேண்டியது அசை. அதிர்வைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். பயிற்சி நூல்கள் பலவும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. /t/, /d/ வேறுபாட்டுக்குப் பத்துப் பக்கம், அசைக்கு ஒரு வரி.

அசையைச் சரிசெய்ய ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. ஈடி ஒட்டிய சொற்கள் பலவற்றுக்கு, ஈடியே இல்லாத இரட்டைப்பிறவி ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. எழுத்து வேறு, பொருள் வேறு, ஒலி அச்சாக ஒன்று. அந்தப் பிறவியை நீங்கள் ஏற்கெனவே சரியாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். விருந்தாளியைக் குறிக்கும் கெஸ்ட் என்ற சொல்லை யாரும் ‘கெஸ்ஸிடு’ என்பதில்லை. ‘ஊகித்தான்’ என்பதற்கு ஆங்கிலத்தில் அதே ஒலிதான்.

```
guessed = guest      missed = mist       passed = past
packed  = pact       tied   = tide       bored  = board
banned  = band       tacks  = tax        knows  = nose
```

இந்த இணைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலப்பக்கச் சொல்லை முதலில் சொல்லி, அதே வாயசைவோடு இடப்பக்கச் சொல்லைப் படியுங்கள். கண் ஈடியைப் பார்க்கும், வாய் பழகிய சொல்லைச் சொல்லும். ஈடியைப் பார்த்ததும் உயிரெழுத்தைப் போடுகிற பழக்கம் இப்படித்தான் உடையும். டாக்ஸ் என்ற ஒரு சொல் வாயில் வந்தால் புக்ஸ், கேக்ஸ், வாக்ஸ் எல்லாவற்றின் முடிவும் வந்துவிட்டது. கடைசி உகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாவிட்டால் செல்பேசியில் பதிவுசெய்து, ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே கேளுங்கள். பாக்ட் என்பதற்கு ஒரு தட்டுத்தான் விழ வேண்டும். இரண்டாவது தட்டு விழுந்தால் உகரம் உள்ளே இருக்கிறது.

தனிச்சொல்லில் வந்துவிட்டது, வாக்கியத்தில் மறுபடி உகரம் எட்டிப்பார்க்கிறது என்பவர்களுக்கு அடுத்த படி. பின்னால் வரும் சொல் உயிரில் தொடங்கினால் கடைசி மெய்யைப் பிடுங்கி அதன் தலையில் வைத்துவிடுங்கள். ஆங்கிலம் பேசுபவர்கள் இயல்பாகச் செய்வது இதுதான். நமக்கும் பழக்கமானதுதான்: ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்று புணர்ச்சி விதியே இருக்கிறது.

```
picked it up      →  /pɪk·tɪ·tʌp/
stopped at        →  /stɒp·tət/
played on         →  /pleɪ·dɒn/
```

பிக் டி டப். இப்போது க்ட் என்பது சொல்லின் கடைசியில் இல்லை, நடுவில் இருக்கிறது. பக்தி, சப்தம் என்ற வடசொற்கள் வழியே இப்படி நடுவில் வரும் சேர்க்கை தமிழ் வாய்க்கு என்றோ பழகிவிட்டது. (பழைய தமிழில் பக்தியையே ‘பத்தி’ என்று மாற்றித்தான் எழுதினார்கள் என்பது வேறு விஷயம்.) அதனால் ஈடி பயிற்சியைத் தனிச்சொற்களில் தொடங்குவதைவிட, பின்னால் இட், அப், அட், ஆன் வரும் சிறு தொடர்களில் தொடங்குவது எளிது.

பின்னால் வரும் சொல் மெய்யில் தொடங்கினால் நிலைமை இன்னும் எளிது. இரண்டு மெய்க்கு நடுவே மாட்டிக்கொண்ட /t/ அல்லது /d/ பாதி விழுங்கப்படும், வேகமான பேச்சில் முழுக்கவே போய்விடும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் ‘லைக்ட் ப்ளேயிங்’ என்பதில் அந்த ட்-ஐ அழுத்திச் சொல்வதில்லை. நாக்கு அந்த இடத்தைத் தொடும், காற்று வெளியே வெடிக்காது. நீங்கள் அங்கே கஷ்டப்பட்டு ட் சொல்ல முயன்றால்தான் உகரம் ஒட்டும். விட்டுவிடுங்கள், காலம் சூழலிலிருந்து தெரிந்துவிடும். ஆனால் இந்தச் சலுகை இகரத்தோடு வரும் ஈடிக்குக் கிடையாது. வான்டிட், நீடிட் என்பவற்றின் இரண்டாவது அசை எந்த வேகத்திலும் விழாது.

அந்த இகரத்தைப் பற்றி ஒன்று. எழுத்தில் ஈ இருப்பதால் பலர் அதை ‘எட்’ என்று திறந்து, அழுத்திச் சொல்கிறார்கள்: வான்-டெட். அது மிகச் சிறிய, அழுத்தமில்லாத இகரம். சில நாட்டவர் வாயில் அகரத்துக்கும் இகரத்துக்கும் நடுவிலான ஒலி. இரண்டும் சரி, எகரம் மட்டும் வேண்டாம். இன்னொன்று, தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாக மென்மையாகும்: வண்டி, பந்து, பாம்பு. அந்தப் பழக்கத்தில் வான்ட் என்பதன் /t/ ஒலியும் ‘வண்டி’யின் டி போல ஆகிவிடும். வான் என்று நிறுத்தி, ‘பாட்டி’யில் வரும் ட்டி போல அழுத்தமான ‘ட்டிட்’ சொல்லிப் பழகினால் சரியாகும். அமெரிக்கப் படங்களைக் கேட்டுப் பழகுபவர்கள் இங்கே குழம்பலாம். அமெரிக்கர் இரண்டு உயிருக்கு நடுவிலான /t/ ஒலியை நாக்கால் லேசாகத் தட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் வாயில் ‘காத்திருந்தான்’ என்ற வெய்டிட்டும், ‘தண்ணீரில் நடந்தான்’ என்ற வேடிட்டும் ஒன்றாகவே கேட்கும்.

அசை சரியானபின் அதிர்வுக்கு வரலாம். இதில் பாதி வேலையை வாயே செய்துவிடும். ஸ்டாப் என்று சொல்லி, இடையில் எந்த உயிரும் வராமல் /d/ ஒலியை ஒட்டப் பாருங்கள். ஒட்டாது, தானாகவே /t/ ஆகிவிடும். ப் சொல்லும்போது தொண்டை ஓய்ந்திருக்கிறது, அடுத்த நொடியில் அதை முடுக்க நேரமில்லை. ஆகவே க், ப், ஃப், ஸ், ஷ், ச் ஆகியவற்றுக்குப் பின்னால் /t/யா /d/யா என்று யோசிப்பதே வீண். உயிரை மட்டும் நுழைய விடாதீர்கள், விதி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

யோசிக்க வேண்டிய இடம் வேறு. சொல் உயிரிலோ, ன், ல் போன்ற மெய்யிலோ முடிந்தால், அதன்பின் அதிர்கிற ஒலியும் வரலாம், அதிராத ஒலியும் வரலாம். வாய் தானாகத் தேர்ந்தெடுக்காது, நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் சொல்லே மாறிவிடும்.

```
played  /pleɪd/  விளையாடினான்        plate  /pleɪt/  தட்டு
plays   /pleɪz/  விளையாடுகிறான்      place  /pleɪs/  இடம்
eyes    /aɪz/    கண்கள்              ice    /aɪs/    பனிக்கட்டி
pens    /penz/   பேனாக்கள்           pence  /pens/   காசு
```

தமிழ் எழுத்தில் முதல் வரியின் இரண்டு சொல்லையும் ‘ப்ளேட்’ என்றுதான் எழுத முடியும். எழுத்து காட்டாவிட்டாலும் காது அறியும். ‘ஆடு’ என்பதில் வரும் டகரத்தையும், ‘ஆட்டு’ என்பதில் வரும் இரட்டை டகரத்தையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதலாவது மென்மை, தொண்டை அதிர்கிறது. இரண்டாவது வன்மை, அதிர்வில்லை. விளையாடினான் என்பதற்கு ‘ப்ளேடு’ என்று ஆடுவின் டகரத்தோடு சொல்லி, கடைசி உகரத்தை மட்டும் கத்தரித்துவிடுங்கள். தட்டுக்கு ‘ப்ளேட்டு’ என்று சொல்லி அதே மாதிரி கத்தரியுங்கள். நாடு, நாட்டு என்று இந்த ஒலி வேறுபாடு தமிழில் அன்றாடம் புழங்குவதுதான். சொல் முடியும் இடத்தில் அதை உகரம் இல்லாமல் நிறுத்துவது மட்டும்தான் புதிது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் வரும் /d/, /z/ ஒலிகள் உண்மையில் அவ்வளவாக அதிர்வதில்லை, பாதியிலேயே ஓய்ந்துவிடும். பிறகு கேட்பவர் எப்படிப் பிரித்தறிகிறார்? முன்னால் உள்ள உயிரின் நீளத்தை வைத்து. அதிராத ஒலிக்கு முன்னால் உயிர் சட்டென்று வெட்டுப்படும், அதிரும் ஒலிக்கு முன்னால் தாராளமாக நீளும். ‘இடம்’ என்ற ப்ளேஸில் ஏகாரம் குறுகும், ‘விளையாடுகிறான்’ என்ற ப்ளேஸில் நீளும். அதனால் /z/ சரியாக வராதவர்கூட உயிரை நீட்டி, கடைசி ஸகரத்தை மெலிதாக விட்டால் பெரும்பாலும் சரியாகவே புரிந்துகொள்ளப்படுவார். மாறாக, விதியைப் புதிதாகக் கற்றவர்கள் கடைசியில் வண்டு ரீங்கரிப்பதுபோல் /z/ ஒலியை இழுப்பார்கள். அது இயல்பாக இருக்காது.

/z/ ஒலியே வராமல் ஜகரம் வருகிறது என்றால் (ஜீரோ, ஜூ என்று சொல்லிப் பழகிய நாக்கு அது), ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிக்கொண்டே, நாக்கைக் கொஞ்சமும் நகர்த்தாமல் தொண்டையில் ‘ம்ம்ம்’ என்ற முனகலைத் தொடங்குங்கள். வருவது /z/. ஜகரத்தில் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு ஒரு கணம் காற்றை அடைக்கும். /z/ ஒலியில் காற்று நிற்கவே கூடாது. நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஜகரத்தின் தொடக்கத்தை நீட்ட முடியாது, /z/ ஒலியை மூச்சு உள்ளவரை நீட்டலாம்.

எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்.

```
She washed the plates, closed the windows, asked for two boxes and waited.
```

ஈறுகள் மொத்தம் ஏழு. முதலாவது வாஷ்: கடைசி ஒலி டகரம் இல்லை, தொண்டை அதிரவில்லை, ஆகவே /t/. பின்னால் மெய்யில் தொடங்கும் சொல் இருப்பதால் அந்த /t/ பாதிதான் கேட்கும். தட்டுகள்: கடைசி ஒலி /t/, சீறல் அல்ல; அதிராதது; ஆகவே /s/. இந்த இடத்தில் ‘ப்ளேட்டஸ்’ என்று இன்னோர் அசை நுழையாமல் ட், ஸ் இரண்டும் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். /t/ ஒலிக்குப் பின் இகரம் வருவது ஈடிக்கு மட்டும்தான், எஸ்ஸுக்கு இல்லை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வது இங்கேதான். மூடினாள் என்ற க்ளோஸ்ட்: எழுத்தில் எஸ், ஒலியில் /z/, அதிர்கிறது, ஆகவே /d/, அதுவும் பாதி விழுங்கப்படும். ஜன்னல்கள்: சொல் உயிரில் முடிகிறது. உயிர்கள் எல்லாமே அதிர்பவை. ஆகவே /z/, உயிரைச் சற்று நீட்டி. ஆஸ்க்ட்: /t/. ஆனால் ஸ், க், ட் என்று மூன்று மெய்க்குப் பின்னால் ஃபகரமும் வருவதால், நடுவிலுள்ள ககரத்தை ஆங்கிலேயரே விட்டுவிட்டு ‘ஆஸ்ட்’ என்று கடந்துபோவது உண்டு. நீங்களும் தாராளமாக விடலாம், ‘ஆஸ்க்குடு’வைவிட அது எவ்வளவோ மேல். பெட்டிகள்: பாக்ஸ் சீறலில் முடிகிறது, ஆகவே இகரத்தோடு /ɪz/. கடைசியாக வெய்ட்: /t/ ஒலியில் முடிகிறது, ஆகவே /ɪd/.

ஏழில் அசை கூடியது இரண்டில் மட்டும். வாக்கியம் முழுக்கப் பதினாறு அசை. உங்கள் பதிவைக் கேட்டு எண்ணுங்கள். பதினாறுக்கு மேல் போனால் எங்கோ உகரமோ அகரமோ புகுந்திருக்கிறது. பெரும்பாலும் வாஷ்ட், ஆஸ்க்ட் இரண்டில் ஒன்றாக இருக்கும். பதினாறுக்குக் குறைந்தால் பாக்ஸிஸ், வெய்டிட் இரண்டில் ஒன்றின் ஈறு விழுந்திருக்கும்.

இந்த விதிகளுக்கு அடங்காத சில சொற்கள் உண்டு. அவற்றுக்கும் காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஈடியின் உயிர் பெரும்பாலும் ஒலித்தது. பிறகு மெல்ல மெல்லப் பேச்சில் தேய்ந்தது. அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், டிஸ்டர்ப்ட், ரிப்யூக்ட் என்றெல்லாம் உயிரை விழுங்கி மெய்களை மோதவிடுகிறார்கள் என்று 1712-இல் குறைபட்டிருக்கிறார். இன்று நாம் சரி என்று கற்றுக்கொள்கிற உச்சரிப்பு அவர் காதுக்கு நாராசமாக இருந்தது! வினைகளில் அந்த உயிர் போய்விட்டாலும், பெயரடையாக உறைந்துபோன சில சொற்களில் தங்கிவிட்டது. நேகிட், விக்கிட் அப்படிப்பட்டவை. வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பைக் குறிப்பிடும்போது சொல்கிற ‘லேர்னிட் ஃப்ரெண்ட்’ என்பதில் இகரம் உண்டு; ‘கற்றான்’ என்ற வினையில் இல்லை. வயதைச் சொல்லும்போது ஏஜ்ட் சிக்ஸ்டி என்று ஓரசை. முதியவர் என்ற பொருளில் பெயருக்கு முன்னால் வந்தால் ஏஜிட் என்று ஈரசை. ஈடிக்குப் பின்னால் எல்ஒய் சேரும்போதும் சில சொற்களில் இகரம் திரும்பிவிடும்: ‘கூறப்படுவதன்படி’ என்ற பொருளில் அலெஜ்ட் ஓர் உயிர் கூடி அலெஜிட்லி ஆகும்.

எஸ் பக்கத்தில் மாட்டிவிடுபவை குறைவு. உடைகளைக் குறிக்கும் சொல்லை ‘க்ளோத்தஸ்’ என்று ஈரசையாகச் சொல்வது மிகப் பரவலான தவறு. அது ஓரசை. தகரத்தையும் விட்டுவிட்டு ‘மூடு’ என்ற வினையைப் போலவே சொன்னாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆங்கிலேயரில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஹவுஸ் ஒருமையில் /s/ ஒலியில் முடிந்தாலும் பன்மையில் அந்த ஒலியே /z/ ஆகி, அதன்பின் /ɪz/ சேரும். ‘சொல்கிறான்’ என்பது ‘சேய்ஸ்’ அல்ல, ‘செஸ்’ என்பதன் கடைசியை /z/ ஆக்கிக்கொண்டால் போதும். ‘அவனுடைய’, ‘அதனுடைய’ என்ற பொருளில் பெயர்களோடு ஒட்டும் எஸ்ஸுக்கும் இதே இரண்டு கேள்விகள்தான். ஜேம்ஸ் என்பவருடைய பொருள் என்னும்போது சீறலுக்குப் பின் சீறல் வருவதால் ஜேம்ஸிஸ் என்று இகரம் நுழையும்.

```
clothes   /kləʊðz/ அல்லது /kləʊz/
houses    /ˈhaʊzɪz/
says      /sez/
James's   /ˈdʒeɪmzɪz/
```